'டியர் மிஸ்டர் பழனிசாமி'... யாருக்கு வந்த மெயில் இது? இனிஷியல் பெயர்களும் ஆங்கில மெயில் குழப்பமும்

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறார் என் தோழி. உண்மைப் பெயர் வேண்டாம், ப. கவிதா என்று வைத்துக்கொள்வோம். 'ப' என்றால் பழனிசாமி, அவருடைய அப்பா. அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜெர்மனியில் இருந்து நூல் வாங்கும் ஒருவர் கவிதாவுக்கு அனுப்பிய மெயில் இப்படித் தொடங்கியது:

```
Dear Mr. Palanisamy,
```

"முதல் தடவை சிரிச்சிட்டேன். அப்புறம் தினமும் அப்பா பேர்லயே மெயில் வர ஆரம்பிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இல்லாத மனுஷனுக்கு வர்ற மெயிலுக்கெல்லாம் நான் பதில் போட்டுட்டு இருக்கேன்னு தோணுச்சு" என்கிறார் கவிதா.

இதில் அந்த ஜெர்மன்காரர் மேல் தப்பில்லை. அலுவலகத்தில் மெயில் ஐடி உருவாக்கும்போது ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் கவிதா, இரண்டாவதில் பழனிசாமி என்று நிரப்பிவிட்டார்கள். அவர் ஊர் மரியாதைப்படி, பழக்கமில்லாதவரை மிஸ்டர் அல்லது மிஸ் போட்டு லாஸ்ட் நேமால்தான் அழைக்க வேண்டும். அதைத்தான் அவர் செய்தார். அது குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இனிஷியலுக்குள் என்ன இருக்கிறது?

நம்மிடம் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் கிடையாது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. இன்று பெரும்பாலானோரிடம் இருப்பது சொந்தப் பெயரும், முன்னால் ஒன்றிரண்டு இனிஷியலும்தான்.

திண்டுக்கல்லிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். 'டி' என்பது திருக்குறுங்குடி, குடும்பத்தின் ஊர். 'எஸ்' என்பது சுந்தரம், அதாவது டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய அவரது அப்பா. திருமணத்துக்குப் பிறகு கணவர் ஜி. ராமச்சந்திரனின் பெயரைச் சேர்த்து சௌந்தரம் ராமச்சந்திரன் என்றும் அறியப்பட்டார். ஊர், அப்பா, கணவர் என எத்தனை பேர் ஒட்டிக்கொண்டாலும் அவருடைய சொந்தப் பெயர் சௌந்தரம் மட்டும்தான். 'டாக்டர் சுந்தரம்' என்று எழுதினால் அது அவருடைய அப்பாவுக்குப் போகும்.

எந்தப் பெயரால் அழைப்பது?

பெயரில் எது முழுசாக எழுதப்பட்டிருக்கிறதோ, அதுதான் சொந்தப் பெயர். `P. Kavitha` என்று இருந்தாலும், `Kavitha P` என்று இருந்தாலும் கவிதாதான். முறையான மெயிலில் இப்படி எழுதலாம்:

```
Dear Ms. Kavitha,
```

மிஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் ஃபர்ஸ்ட் நேம் வரலாமா என்று ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்குச் சந்தேகம் வரும். குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கான வழக்கம் அது. கவிதாவுக்கு இருப்பதே ஒரு பெயர்தான் என்பதால் தாராளமாக எழுதலாம்.

இரண்டுமே முழுப் பெயராக இருந்தால்தான் சிக்கல். காரணம், அப்பா பெயர் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதன் என்பது அவருடைய அப்பா பெயர். சொந்தப் பெயரான ஆனந்த் கடைசியில் வருவதால் 'மிஸ்டர் ஆனந்த்' என்று வெளிநாட்டினர் அழைப்பது தானாகவே சரியாகிவிடுகிறது. ஆனால் அவர்கள் செல்லமாக வைத்த 'விஷி' என்ற பெயர், அப்பா பெயரின் சுருக்கம்!

இப்படிப்பட்ட பெயரைப் பார்த்தால், அவர் முன்பு அனுப்பிய மெயிலின் அடியில் எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று பாருங்கள். அதுதான் அவர் விரும்பும் பெயர். முதல் மெயிலே நீங்கள்தான் அனுப்புகிறீர்கள் என்றால், மெயில் ஐடியைக் கவனியுங்கள். `kavitha.p` என்று இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. அதுவும் இல்லையா? மிஸ்டர், மிஸ் எதுவும் போடாமல் முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள்:

```
Dear Kavitha Palanisamy,
```

கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், ஆனால் தப்பாகாது. ஆணா, பெண்ணா என்று தெரியாதபோதும் இதே வழிதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா இனிஷியலும் அப்பா பெயர் இல்லை. சென்னையில் வளர்ந்த செஸ் சாம்பியன் டி. குகேஷ் தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய 'டி' என்பது தொம்மராஜு என்ற குடும்பப் பெயர். அவரை வெளிநாட்டினர் அந்தப் பெயரால் அழைத்தால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

நூறு பேருக்கு ஒரே மெயில் போகும்போது

மெயில் மெர்ஜ் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. எக்ஸெல்லில் உள்ள பெயர்களை ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் உடைத்து, முதல் துண்டை ஃபர்ஸ்ட் நேம் ஆக்கிவிடுவார்கள். `P. Kavitha` என்ற பெயரின் முதல் துண்டு `P.` மட்டும்தானே? மெயில் இப்படிப் போய்ச் சேரும்:

```
Dear P.,
```

இதற்கு நம்பகமான குறுக்குவழி இல்லை. பட்டியலில் `Salutation` என்று தனியாக ஒரு காலம் சேர்த்து, அழைக்க வேண்டிய பெயரை அதில் எழுதி, மெர்ஜில் அதையே பயன்படுத்துங்கள். அனுப்பும் முன் அந்தக் காலத்தில் புள்ளியோ, ஒற்றை எழுத்தோ தனியாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாமும் இதையே திருப்பிச் செய்கிறோம்

அந்த ஜெர்மன்காரருக்குக் கவிதா பதில் போட்டபோது, மிஸ்டர் போட்டு அவருடைய முதல் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். நம் ஊர் வழக்கப்படி அது மரியாதை. குடும்பப் பெயரால் அழைத்துப் பழகிய ஜெர்மன்காரருக்கு அது விநோதமாகத் தெரியும். குடும்பப் பெயர் உள்ளவருக்கு மிஸ்டருக்குப் பின்னால் குடும்பப் பெயர், இல்லாதவருக்குச் சொந்தப் பெயர். இதை நினைவில் வைத்தால் போதும்.

உங்களைச் சரியாக அழைக்க வைப்பது எப்படி?

தொடங்க வேண்டிய இடம் உங்கள் கையெழுத்து. மெயிலின் அடியில் இப்படி எழுதுங்கள்:

```
Regards,
Kavitha P (Ms. Kavitha)
```

அடுத்தது, இன்பாக்ஸில் தெரியும் பெயர். ஜிமெயில் என்றால் மொபைல் ஆப்பில் இதை மாற்ற முடியாது. கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்து, `Settings` > `See all settings` > `Accounts and Import` போய், `Send mail as` பகுதியில் `edit info` கிளிக் செய்து பெயரை மாற்றலாம். அலுவலக மெயில் என்றால் பெரும்பாலும் ஐ.டி. பிரிவிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். சான்றிதழிலோ பாஸ்போர்ட்டிலோ எதையும் மாற்ற வேண்டாம். 'டிஸ்ப்ளே நேம்' மட்டும் மாற்றித் தரச் சொன்னால் போதும்.

கவிதா இரண்டையும் செய்தார். கூடவே அடுத்த மெயிலின் கடைசியில், பழனிசாமி தன் அப்பாவின் பெயர், தன்னைக் கவிதா என்று அழைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார். அன்று மாலையே மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, 'டியர் மிஸ் கவிதா' என்று.

"பழைய மெயில்ல ஒண்ணை மட்டும் அழிக்காம வச்சிருக்கேன். அப்பா பேருக்கு ஜெர்மனியில இருந்து வந்ததாச்சே!" என்கிறார்.