பால் பொங்கும்போது பேசக்கூடாது

மூன்று வருடத்துப் பொங்கல் படங்களையும் செல்போனில் எடுத்த துண்டு வீடியோக்களையும் கோத்து, 90 நொடிக்குப் படம் ஒன்று செய்தோம். பின்னணிக் குரல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "எங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி மகிழ்ச்சியோடு பொங்கல் வைத்தோம்" என்று ஆரம்பித்தேன். ஓட்டிப் பார்த்தால், அதைத்தான் படமே காட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு எதற்குக் குரல்?

படத்தில் தெரியாததைச் சொல்லத்தான். புகை தெரியும், கண் எரிவது தெரியாது. மஞ்சள் கொத்து தெரியும்; அதன் வாசனை தெரியாது. அப்படி யோசித்து, கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

விடியல். பனையோலைப் புகை. கண் எரியும்.
ஈர வாசல். உள்ளங்காலில் சாணத்தின் குளிர்ச்சி.
பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. சூட்டில் வாடி மணக்கும்.
(பால் பொங்கி வழியும் வரை பேச்சில்லை)
கரும்பு. உதடு கிழிந்தாலும் விடமாட்டோம்.
அப்பத்தா முந்தானை. வெல்லப் பிசுக்கு. அதிலேயே எங்கள் முகம் துடைப்பாள்.

'எரிந்தது', 'துடைத்தாள்' என்று எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு வருடத்துச் சங்கதியாகிவிடும். 'எரியும்', 'துடைப்பாள்' என்றால் வருடா வருடம் நடப்பது. ஒரு படத்தில் பாவாடையில் நிற்கும் பெண் அடுத்ததில் தாவணியில் வந்தாலும் உறுத்தாது. 'இனிய', 'மறக்க முடியாத' போன்ற சொற்களை எடுத்துவிட்டேன். வெல்லப் பிசுக்கு என்று சொன்னபிறகு இனிமையைத் தனியாகச் சொல்வானேன்?

நீளத்தைச் சொல் எண்ணிக்கையால் அளந்தால் தமிழில் ஏமாந்துபோவோம். 'வந்துகொண்டிருந்தபோது' என்பதும் ஒரு சொல், 'புகை' என்பதும் ஒரு சொல். ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வாய்விட்டு நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அரை நிமிடம் ஆனது. மிச்ச ஒரு நிமிடமும் படத்துக்கும் சத்தத்துக்கும். பால் அடுப்பில் வழிந்து 'சொய்ங்' என்பதும், பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துவதும் வீடியோவிலேயே இருக்கின்றன. அங்கே நாம் வாயைத் திறந்தால் இரண்டும் கெடும்.

ஒலிப்பதிவில் எங்களுக்குத் தொல்லை கொடுத்தது 'ப'. பனையோலை, பானை, பிசுக்கு என்று வரும்போதெல்லாம் மூச்சு மைக்கில் முட்டி 'டப்' என்று வெடித்தது. போனை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்ததும் அடங்கியது. ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து படித்தேன். வெறும் சுவருள்ள அறையில் குரல் எதிரொலித்துக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். போர்வை அதை விழுங்கிவிடும்.

கடைசி ஐந்து நொடிக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அந்தத் துண்டில் அப்பத்தாவே பேசுகிறாள்: "ஏலே, பானை எறக்க ஆள் வாங்கடா!" என் வரியை அடித்துவிட்டேன்.