நன்னிமாவின் வளையல் தொளதொளக்கிறதா?

"வயசானா உடம்பு வத்தத்தான் செய்யும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஆனால் 60 கிலோ இருந்த நன்னிமா, சாப்பாட்டைக் குறைக்க நினைக்காமலே ஆறு மாதத்தில் 57 கிலோ ஆனால், அது 5 சதவீதம். மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவு. தராசு இல்லாத வீட்டில் வளையல் கழன்று விழுவதே அடையாளம். நோன்பில் குறைந்த எடை பெருநாளுக்குப் பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பாமல் இன்னும் இறங்கினால் காத்திருக்க வேண்டாம்.

காரணம் பொருந்தாத பல்செட்டாக இருக்கலாம், நன்னாவை இழந்த துக்கமாகவும் இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், காசநோய் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். முதியவர்களுக்குக் காசநோய் பெரிய இருமல் இல்லாமல், பசியின்மையும் மெலிவுமாகவே வருவதுண்டு. சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மின்கூடச் சிலருக்குப் பசியைக் குறைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மாற்றித் தருவார்.