கடைசி வரி எந்த ஷரத்தோடு சேரும்?

இந்திய அரசியல் சாசனத்தின் 19(1) பிரிவைத் திறந்து பார்த்தால், (e)-க்கு அடுத்தபடி நடப்பில் இருப்பது (g). இடையில் இருந்த (f), அதாவது சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவுமான உரிமை, 1978-இல் நிறைவேறிய 44-வது திருத்தத்தால் நீக்கப்பட்டது. தொழில் செய்யும் உரிமையைச் சொல்லும் (g)-யை ஒரு படி மேலேற்றி (f) என்று ஆக்கியிருந்தால் பட்டியல் அழகாக இருந்திருக்கும். ஆனால் அதுவரை வந்த தீர்ப்புகளில் 19(1)(g) என்று எழுதியிருந்த இடமெல்லாம் வெற்றிடத்தைச் சுட்டியிருக்கும். எனவே ஓட்டையை அப்படியே விட்டார்கள். சட்ட ஆவணத்தில் எண் என்பது அந்த வாசகத்தின் விலாசம்; அதைப் பார்த்துத்தான் மற்ற இடங்கள் அதைத் தேடி வருகின்றன. தட்டச்சு செய்த பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கைபேசியில் படம்பிடித்து, அதைப் பார்த்துக் கணினியில் படியெடுப்பவர் கடைப்பிடிக்க வேண்டியதும் இதே விதிதான். எண்களையும் எழுத்துகளையும் தாளில் கண்டபடி, ஒவ்வொரு புள்ளியும் அடைப்புக்குறியும் உட்பட, கையால் அடிக்க வேண்டும். கணினியை எண்ணச் சொல்லக் கூடாது.

கணினி கேட்காமலே எண்ணத் தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். வேர்டில் 1. என்று அடித்து இடம் விட்டதுமே அது தானியங்கிப் பட்டியலாக மாறிவிடுகிறது. அந்த எண் பிறகு ஆவணத்தின் எழுத்தாக இருப்பதில்லை. நிரல் வரைந்து காட்டும் அடையாளம் மட்டுமே. 7.2 என்று தேடினால் அந்த ஷரத்து அகப்படாது. நடுவில் ஒரு பத்தியை நீக்கினால் கீழே உள்ளவை சத்தமில்லாமல் எண் மாறும், ஆனால் “7.4-க்கு உட்பட்டு” என்று கையால் அடித்த வாசகம் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொரு தொல்லை: (c) என்று அடித்தால் வேர்ட் அதைப் பதிப்புரிமைக் குறியாக மாற்றிவிடும். ஆகவே வேலை தொடங்கும் முன் `AutoCorrect Options` பகுதிக்குப் போய் `Automatic numbered lists` என்பதையும் அந்த (c) மாற்றத்தையும் அணைத்துவிட வேண்டும். தானியங்கி எண்கள் இருந்தால் பின்னால் திருத்துவது எளிது என்று வழக்கறிஞர் அலுவலகங்களில் சொல்வார்கள். புதிதாக ஒப்பந்தம் எழுதும்போது அது முழுக்கச் சரி. படியெடுக்கும்போது திருத்துவதற்கு எதுவும் இல்லை. கையெழுத்தான தாள் மாறப்போவதில்லை. புதிய வரைவு தேவையென்றால், சரிபார்த்த படியிலிருந்து வேறொரு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணை அப்படியே அடிப்பது பாதி வேலைதான். எந்த வரி எதற்குக் கீழே அடங்குகிறது என்பது மறுபாதி. அதைப் பெரும்பாலும் ஓரத்து இடைவெளிதான் காட்டும். கடை வாடகை ஒப்பந்தம் ஒன்றில் இப்படி ஒரு ஷரத்து இருப்பதாகக் கொள்வோம்.

```
7.2 உரிமையாளர் முன்பணத்தில் கழிக்கக்கூடியவை:
    (a) நிலுவை வாடகை;
    (b) பழுது நீக்கும் செலவு, அதாவது
        (i) சுவர், தரை;
        (ii) மின்சாதனங்கள்;
    (c) மின்கட்டண பாக்கி.
இதற்கான ரசீதை வாடகைதாரருக்குக் காட்ட வேண்டும்.
```

கடைசி வரி 7.2-க்கு நேராக, ஓரத்தில் தொடங்குகிறது. எனவே மூன்று வகைக் கழிவுக்கும் ரசீது தேவை. படியெடுப்பவர் அதை (c)-யின் தொடர்ச்சி என்று நினைத்து உள்ளே தள்ளி அடித்தால், மின்கட்டணத்துக்கு மட்டுமே ரசீது போதும் என்றாகிவிடும். பழுது என்று சொல்லி உரிமையாளர் கணக்குக் காட்டாமல் கழிக்க அதுவே வழி. ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை, ஆனால் வாடகைதாரரின் பாதுகாப்பு போய்விட்டது. எண் இல்லாத இத்தகைய முடிப்பு வரிகளைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானவையாகக் கருதுகிறேன். படம் சாய்ந்திருந்தால் தாளின் விளிம்பை வைத்து இடைவெளியை மதிப்பிடக் கூடாது. பெரும்பாலான தட்டச்சுப் பொறிகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், சந்தேக வரியின் முதலெழுத்து மேல்வரியின் எத்தனையாவது எழுத்துக்குக் கீழே நிற்கிறது என்று எண்ணலாம். வரி அடுத்த பக்கத்தின் உச்சியில் விழுந்திருந்தால், அதே பக்கத்தில் 7.3 எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதோடு ஒப்பிட வேண்டும். நிறுத்தற்குறியும் உதவும்: (c) முற்றுப்புள்ளியில் முடிந்திருந்தால் அடுத்த வரி தனி வாக்கியம், காற்புள்ளியில் முடிந்திருந்தால் வாக்கியம் இன்னும் ஓடுகிறது.

பக்கம் திரும்பும் இடத்தில் இன்னொரு குழி உண்டு. புதிய படத்தின் முதல் வரி (i) என்று தொடங்கினால் அது ரோமன் ஒன்றா, (h)-ஐ அடுத்த எழுத்தா? முந்தைய படத்தின் கடைசிக் குறியையும் அடுத்து வரும் குறியையும் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது (j) என்றால் எழுத்து, (ii) என்றால் எண். பல பழைய தட்டச்சுப் பொறிகளில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி விசை கிடையாது. சிறிய எல் எழுத்தையே அடித்தார்கள். எனவே 11.1 என்பது படத்தில் ll.l என்று தெரியலாம். இங்கே மட்டும் எண்ணாகவே அடிப்பது சரி, ஏனென்றால் அடித்தவர் எழுதியது எண்தான்.

வரையறுத்த சொற்களும் இதே பாணியில் விலாசங்கள்தான். ஆங்கில ஒப்பந்தத்தில் Deposit என்று பெரிய எழுத்தில் தொடங்கினால், வரையறை ஷரத்தில் சொன்ன அந்தக் குறிப்பிட்ட முன்பணம். deposit என்றால் ஏதோ ஒரு வைப்புத்தொகை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இந்த ஒரு எழுத்தில் தடுமாறினால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. தமிழில் பெரிய எழுத்து இல்லாததால், ‘மேற்படி கட்டிடம்’ என்று வரையறுத்துவிட்டு அதே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் ஒரே அடையாளம். ஓரிடத்தில் அதைக் ‘கட்டடம்’ என்று திருத்தினால் தேடுபவருக்கு அந்த இடம் கிடைக்காது. எல்லாம் முடிந்ததும் வரையறுத்த சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பிறகு 7.2(b)(ii) போன்ற குறுக்குச் சுட்டல்கள் ஒவ்வொன்றும் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, போன இடத்தில் பொருள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்போது 11-க்குப் பிறகு 13 வருவது தெரியலாம். வெளிப்படையான பிழையைத் திருத்தினால் என்ன என்று கேட்பார்கள். முதலில், ஒரு பக்கம் படம்பிடிக்காமல் விடுபட்டதா என்று பக்க எண்ணைப் பார்க்க வேண்டும். பக்கங்கள் தொடர்ச்சியாக இருந்தால் பிழை மூலத்தினுடையது; 13-ஐ 12 ஆக்கினால் அதைச் சுட்டும் வேறு ஷரத்துகளும், இரு தரப்பும் பிறகு எழுதிக்கொண்ட கடிதங்களும் தடம் மாறும். “மூலத்தில் 12 இல்லை” என்று சதுர அடைப்புக்குள் ஒரு குறிப்பு போதும்.

படங்கள்தான் கையில் இருக்கின்றனவே, படியில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்ற கேள்விக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டமே பதில் வைத்திருந்தது. மூலத்தின் புகைப்படம் இரண்டாம் நிலைச் சான்று என்று அதன் 63-வது பிரிவின் விளக்க எடுத்துக்காட்டு சொன்னது. நகலைப் பார்த்து எடுத்த நகலோ, பிறகு மூலத்தோடு ஒப்பிடப்பட்டால்தான் அந்தத் தகுதியைப் பெற்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் நடப்பில் இருக்கிறது. ஆகவே ஓர் இடைவெளி எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஊகித்து உள்ளே தள்ளுவதைவிட, “இந்த வரியின் ஓரம் படத்தில் தெளிவில்லை” என்று பக்க எண்ணோடு குறித்துவிட்டு, மூலத்தை வைத்திருப்பவரிடம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நேர்மேலிருந்து மீண்டும் படம்பிடித்து அனுப்பச் சொல்வது நல்லது.