எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டியவை

எம்.ஏ. சமூகவியல் முதலாண்டு மாணவி ஒருவருக்கு நான் ஆய்வு வழிகாட்டி. கிராமங்களில் கட்டிக்கொடுக்கப்பட்ட கழிப்பறைகளை மக்கள் பயன்படுத்துகிறார்களா என்பது அவருடைய தலைப்பு. “சார், 200 வீட்டில் சர்வே எடுக்கட்டுமா, பத்துப் பன்னிரண்டு பேரிடம் விரிவாகப் பேசட்டுமா? எது சரியான ஆராய்ச்சி?” என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். செய்தித்தாளில் சதவீதக் கணக்குகளைப் படிக்கிற எல்லோருக்கும் பயன்படும் என்பதால் என் பதிலை இங்கே தருகிறேன்.

அன்புள்ள மாணவிக்கு,

எத்தனை பேர், எவ்வளவு என்று கேட்டால் அது அளவுசார் ஆய்வு. ஏன், எப்படி, அவர்கள் அதை என்னவாக நினைக்கிறார்கள் என்று கேட்டால் பண்புசார் ஆய்வு. இந்த வரையறை எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி உதவுகின்றன என்பதற்கு உங்கள் தலைப்பிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் ஆகியோரின் குழு வட இந்தியக் கிராமங்களில் மக்களோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசியது. வீட்டில் கழிப்பறை இருந்தும் ஏன் வெளியே போகிறார்கள் என்பதுதான் கேள்வி. பணமில்லை, தண்ணீரில்லை என்ற பதில்களைத் தாண்டி, குழியைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. அரசு பரிந்துரைத்தது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். மூடியது காலப்போக்கில் மக்கி உரமாகிவிடும். மக்களோ, “நிரம்பினால் யார் அள்ளுவது?” என்றார்கள். அள்ளும் வேலையைச் சாதியோடும் தீண்டாமையோடும் சேர்த்தே அவர்கள் பார்த்தார்கள். குழி சீக்கிரம் நிரம்பிவிடுமே என்ற பயத்தில், முதியவர்களும் நோயாளிகளும் மட்டும் போகட்டும் என்று கழிப்பறையை ஒதுக்கி வைத்தார்கள். ‘குழியைப் பற்றிய பயம்’ என்று எந்தக் கேள்வித்தாளிலும் முன்கூட்டியே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்க முடியாது. பேசியதால்தான் அது தெரிய வந்தது.

ஆனால் பேட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, இப்படி எத்தனை வீடுகள் என்று சொல்ல முடியாது. அதற்காக 2014-இல் ஐந்து மாநிலங்களில் 3,200-க்கும் அதிகமான வீடுகளில் அதே குழு சர்வே எடுத்தது. பயன்படுத்தத்தக்க கழிப்பறை உள்ள வீடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், குறைந்தது ஒருவராவது வெளியே போகிறார் என்று தெரிந்தது.

அவர்கள் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். “உங்கள் வீட்டில் எல்லோரும் எந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்கள்?” என்று கேட்டால் வீட்டுக்கு ஒரே பதில்தான் வரும், மாமனார் காலையில் வயலுக்குப் போவது அதில் மறைந்துவிடும். எனவே அவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். மக்கள் வெளியே போவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டே கேட்டார்கள். அதனால் உண்மையைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. பிறகு 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, எந்த வீட்டில் எந்த விதமாகக் கேட்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து இரண்டையும் ஒப்பிட்டது. ஆள் ஆளாகக் கேட்டபோது, வெளியே போகிறவர்கள் சுமார் 20 சதவீதப் புள்ளிகள் அதிகமாகத் தெரிந்தார்கள். கேள்வி தவறாக இருந்தால், வீடுகளின் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் அந்தப் பிழை அப்படியே இருக்கும்.

இனி உங்கள் 200 வீடுகள். பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தால், கிடைக்கும் சதவீதம் ஏறத்தாழ 7 புள்ளி முன்னேயோ பின்னேயோ இருக்கலாம். கணினியில் வரும் 43.5 என்ற விடையைப் பார்த்து அந்தத் தசமத்தை நம்பிவிடாதீர்கள். பஸ் நிறுத்தத்துக்கு அருகிலுள்ள 200 வீடுகளை எடுத்தாலோ, இந்தக் கணக்கே செல்லாது.

பேட்டிகளுக்கு ஆட்களை வேறு விதமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருமகள், மூதாட்டி, நிலமுள்ளவர், கூலிக்குப் போகிறவர், காலனியில் இருப்பவர், ஊரில் இருப்பவர் என்று நிலைமை வேறுபடுகிறவர்களைத் தேடிப் போங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் சொல்வதும், தண்ணீர்க் குழாயடியில் அவரே சொல்வதும் வேறு வேறாக இருக்கும். அதனால் யார் உடனிருந்தார்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பேட்டியைச் சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று ஓரத்தில் குறியுங்கள். அடுத்தடுத்த பேட்டிகளில் புதிய குறிப்பே வராதபோது நிறுத்தலாம். உங்கள் எண்ணத்துக்கு ஒத்துவராத பேட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். அதைத்தான் திரும்பப் படிக்க வேண்டும்.

வட இந்தியாவில் சொன்ன காரணத்தையே உங்கள் ஊரிலும் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே தண்ணீர்தான் உண்மையான தடையாக இருக்கலாம், கதவு உடைந்திருக்கலாம். முதல் மூன்று மாதம் பேட்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய பிரதிகளோடு என்னை வந்து பாருங்கள். கேள்வித்தாளை இருவரும் சேர்ந்து எழுதலாம். அதை 15 வீடுகளில் கேட்டுப் பார்த்து, ஜனங்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே வேறு அர்த்தத்தில் பதில் சொல்கிறார்கள் என்று திருத்திய பிறகு 200 வீடுகளுக்குப் போகலாம்.