இணையச் சந்தைக் கட்டணமும் புடவையின் விலையும்

நமது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் சில, விற்பனை நிலையத்தோடு இணையச் சந்தையிலும் சரக்கை வைத்து விற்று வருகின்றன. ஆண்டிறுதியில் கணக்கைக் கூட்டிப் பார்க்கும்போதோ, விற்பனை பெருகியிருந்தும் லாபம் குறைந்திருக்கக் காண்கிறோம். சந்தைக்காரர் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு உடனே எழுகிறது. பெரும்பாலும் குறை அங்கே இல்லை. விலை குறித்த முறையில்தான் இருக்கிறது.

விவசாய அங்கத்தினர்களுக்குக் கமிஷன் மண்டியின் வழக்கம் தெரியும். கமிஷன் விற்ற தொகைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிக்கப்படும். ஏற்றுகூலி இறக்குகூலி மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிக்கப்படும். இணையச் சந்தையிலும் இவ்விரண்டு வகையே உண்டு. ஒன்று விலையோடு ஏறுவது. மற்றது விலை எதுவாயினும் மாறாதது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதிலேதான் தொல்லை தொடங்குகிறது.

ஒரு பருத்திப் புடவையை எடுத்துக்கொள்வோம். நூல், சாயம், கூலி, சங்கச் செலவு எல்லாம் சேர்த்து அடக்கம் ரூ. 1,000, அட்டைப் பெட்டி முதலியவற்றுக்கு ரூ. 30, சங்கத்திற்கு வேண்டிய லாபம் ரூ. 120. ஆக, ரூ. 1,150 கைக்கு வரவேண்டும். சந்தையின் கமிஷன் நூற்றுக்கு 12 என்றும், ஒரு விற்பனைக்கு நிலைக் கட்டணம் ரூ. 30, அனுப்புக் கூலி ரூ. 70 என்றும் வைத்துக்கொள்வோம். (சந்தைக்குச் சந்தை இவை வேறுபடும், தம் ஒப்பந்தத்தில் உள்ளதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.)

வழக்கமாகச் செய்வது என்ன? 1,150 உடன் 100 கூட்டி, வந்த 1,250க்கு நூற்றுக்கு 12 ஏற்றி, ரூ. 1,400 என்று விலை போடுகிறார்கள். ஆனால் கமிஷன் 1,250க்குப் பிடிக்கப்படுவதில்லை; வாங்குபவர் கொடுக்கும் 1,400க்கே பிடிக்கப்படுகிறது. அது ரூ. 168. மேலும் அந்த விலைக்குள் 5 சதவிகிதச் சரக்கு சேவை வரியும் அடங்கியிருக்கிறது. அது ஏறக்குறைய ரூ. 67. நிலைக் கட்டணமும் அனுப்புக் கூலியும் ரூ. 100. இவை போக மிஞ்சுவது ரூ. 1,065. அடக்கமும் பெட்டியும் கழிந்தால் லாபம் ரூ. 35 தான். ரூ. 85 கணக்கிலேயே தொலைந்தது.

சரியான வழி பின்னிருந்து வருவதாகும். விலை 100 ரூபாய் என்றால், அதில் கமிஷன் 12. உள்ளடங்கிய வரி 4.76, நமக்கு நிற்பது 83.24. ஆதலின் 1,250ஐ 100ஆல் பெருக்கி 83.24ஆல் வகுக்க வேண்டும். விடை ரூ. 1,502. இருபதில் ஒன்று திரும்பி வருமானால், போகவர உள்ள கூலியும் மறுபடி மடித்துக் கட்டும் செலவும் சேர்ந்த சுமார் ரூ. 180ஐ, விற்ற பத்தொன்பதின்மேல் பத்துப் பத்து ரூபாயாகப் பகிர வேண்டும். அப்போது 1,260ஐ வகுக்க, விலை சுமார் ரூ. 1,515 ஆகும்.

சந்தை தன் கட்டணங்களின்மேல் பிடிக்கும் 18 சதவிகித வரியை இக்கணக்கில் சேர்க்கவில்லை. வரிப்பதிவு பெற்ற சங்கம் அதைத் தான் கட்டவேண்டிய வரியில் ஈடு செய்துகொள்ளலாம். ஈடு செய்ய மறந்தால், இந்தப் புடவை ஒன்றுக்கே ஐம்பது ரூபாய்க்கு மேல் லாபத்திலிருந்து போகும். 2024 ஜூலை முதல் 0.5 சதவிகிதமாக வசூலிக்கப்படும் வரிப்பிடித்தம் வேறு. அது சங்கத்தின் கணக்கில் வரவாகும், செலவன்று.

பண்டிகைத் தள்ளுபடியில் சேருமாறு அழைப்பு வரும்போதும் இக்கணக்கையே போட வேண்டும். நூற்றுக்குப் பத்துத் தானே என்று தோன்றும். ரூ. 1,515 புடவையை ரூ. 1,363.50க்கு விற்றால், எல்லாம் போக வருவது ரூ. 1,025; அடக்கமோ 1,030. லாபம் முழுவதும் போய், ஐந்து ரூபாய் கைப்பணமும் போகிறது. தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டிய சரக்கானால், அதற்கும் இடம்வைத்தே முதல் விலையைக் குறிக்க வேண்டும்.

இறுதியாக, மாதந்தோறும் சந்தை அனுப்பும் பட்டியலில் அனுப்புக் கூலியை விற்பனை வாரியாக ஒத்துப் பார்க்கவேண்டும். எடுத்துக்கொண்ட 70 ரூபாய்க்குப் பதில் 110 என்று இருந்தால், பெட்டியை அளந்து பாருங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கொண்டு, இரண்டில் கூடியதற்கே கூலி வாங்குகின்றன. 600 கிராம் புடவையை 30, 25, 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் அது ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். உயரத்தை 4 ஆகக் குறைத்தால் 600 கிராமே நிற்கும்.