பே ஸ்லிப்பில் காணாமல் போன ஆறு இரவுகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ‘சி ஷிப்ட்’ என்றால் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு உள்ளே போய்க் காலை ஆறு மணிக்கு வெளியே வருவது. இதற்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நைட் அலவன்ஸ் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அடிப்படைச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும் ஒருமுறை பதிந்துவிட்டால் மாதாமாதம் தானாக வந்துவிடும். நைட் அலவன்ஸ் அப்படி இல்லை. எத்தனை இரவு வேலை பார்த்தார் என்ற கணக்கு ஒவ்வொரு மாதமும் புதிதாகச் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேரவேண்டும். ஆகவே விட்டுப்போகிற வாய்ப்பும் இதற்குத்தான் அதிகம்.

அப்படி விட்டுப்போன ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 200 ரூபாய். தொழிலாளி 2025 ஜூலை 28 திங்கள் முதல் ஆகஸ்ட் 2 சனி வரை ஆறு இரவுகள் சி ஷிப்ட் பார்த்தார். மறுபடி ஆகஸ்ட் 18 முதல் 23 வரை ஆறு இரவுகள். ஆகஸ்ட் மாத பே ஸ்லிப்பில் நைட் அலவன்ஸ் 600 ரூபாய்தான் இருக்கிறது. பன்னிரண்டு இரவுக்கு 2,400 வரவேண்டும், 600 போக 1,800 குறைகிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

அந்த 1,800 தவறு. இந்த நிறுவனத்தில் சம்பளக் கணக்கு ஒன்றாம் தேதி தொடங்கி முப்பத்தொன்றில் முடிவதில்லை; முந்தைய மாதம் 21 முதல் இந்த மாதம் 20 வரை. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கணக்குப் பார்த்து, பட்டியல் தயாரித்து, வங்கிக்கு அனுப்ப அந்தப் பத்து நாள் தேவைப்படுகிறது. எனவே ஆகஸ்ட் 21, 22, 23 இரவுகள் செப்டம்பர் சம்பளத்தில் வரவேண்டியவை. ஆகஸ்ட் 20 இரவு தொடங்கி 21 காலையில் முடிந்த ஷிப்ட்? அது தொடங்கிய தேதியில் சேரும் என்பதுதான் பொதுவான வழக்கம், இங்கும் அப்படித்தான். ஆக, ஆகஸ்ட் கணக்கில் ஒன்பது இரவுகள், 1,800 ரூபாய். வந்தது 600. பாக்கி 1,200.

1,800 கேட்டு எழுதினால் என்ன ஆகும்? சம்பளப் பிரிவில் இருப்பவர் முதலில் கடைசி மூன்று தேதிகளைத்தான் பார்ப்பார். ‘அடுத்த மாதம் வரும்’ என்று ஒரு வரியில் பதில் போட்டு மூடிவிடுவார். அவர்மேல் குற்றமில்லை, கேட்டதில் பாதி அவருக்குச் சரியான பதில்தான். மீதி ஆறு இரவு அந்தப் பதிலுக்கு அடியில் புதைந்துபோகும்.

அந்த ஆறு இரவு எங்கே போயின? ஜூலை 28 வாரம் இவருக்குப் பட்டியலில் இருந்தது பி ஷிப்ட், அதாவது மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. சக தொழிலாளிக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்டார். சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டு லைன் ரிஜிஸ்டரில் எழுதினார். ஆனால் கம்ப்யூட்டரில் ஷிப்டை மாற்றவில்லை. பஞ்ச் மெஷின் இரவு 9.48க்கு உள்ளே, மறுநாள் காலை 6.07க்கு வெளியே என்று காட்டுகிறது; மென்பொருளோ மதியம் இரண்டு மணிக்கு ஆளைத் தேடுகிறது. ஆப்சென்ட் விழுந்துவிடுமே என்று சூப்பர்வைசர் வருகையை மட்டும் சரிசெய்துவிட்டார். சம்பளம் வெட்டு விழவில்லை, அலவன்ஸும் விழவில்லை. ஆள் வந்திருக்கிறார், பி ஷிப்டுக்கு வந்திருக்கிறார் என்றுதான் சம்பளப் பிரிவுக்குப் போயிருக்கிறது.

ஆகவே அவர்களுக்கு எழுதும்போது ‘ஏன் பிடித்தீர்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை. அவர்கள் எதையும் பிடிக்கவில்லை, அவர்களுக்கு வரவே இல்லை. அவர்களாகவே ஆறு இரவைச் சேர்த்துவிடவும் முடியாது. தணிக்கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். கடிதம் அந்தக் காகிதத்தையும் கையில் கொடுக்கவேண்டும்.

“மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: ஆகஸ்ட் 2025 சம்பளத்தில் நைட் அலவன்ஸ் விடுபட்டது குறித்து. (பணியாளர் எண், பிரிவு.)

28.07.2025 முதல் 02.08.2025 வரை ஆறு நாள் சி ஷிப்டில் வேலை பார்த்தேன். எனக்குப் பட்டியலில் இருந்தது பி ஷிப்ட். சூப்பர்வைசர் அனுமதியுடன் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் ஷிப்ட் மாற்றப்படாததால் இந்த ஆறு இரவுக்கான அலவன்ஸ் வரவில்லை என்று தெரிகிறது.

கட் ஆஃப்படி வரவேண்டியது: 9 இரவு × 200 = 1,800. வந்தது: 600. பாக்கி: 1,200. ஆகஸ்ட் 21 முதல் 23 வரையிலான இரவுகளை இதில் சேர்க்கவில்லை.

சூப்பர்வைசர் கையெழுத்திட்ட ரிஜிஸ்டர் நகல், பஞ்ச் விவரம், ஆகஸ்ட் பே ஸ்லிப் இணைத்துள்ளேன். செப்டம்பர் சம்பளத்தில் அரியராகச் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு படிவம் தேவையென்றால் தெரிவிக்கவும்.”

இவ்வளவுதான். குடும்பக் கஷ்டமும் எத்தனை வருட சர்வீஸ் என்பதும் இதில் வேண்டாம். படிப்பவர் தேட வேண்டிய ஆறு தேதிகளை அவை மறைத்துவிடும். சூப்பர்வைசருக்கு ஒரு நகல் போவது அவசியம். ‘ஆமாம், மாற்றிக்கொண்டது உண்மை’ என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு எழுதுவது இன்னும் நல்லது, இல்லையென்றால் தன்மேல் புகார் போனதாக நினைப்பார்.

எப்போது அனுப்புவது என்பதும் கணக்குதான். அடுத்த கட் ஆஃப் செப்டம்பர் 20. அதற்குச் சற்று முன்பே சேர்ந்தால் செப்டம்பர் சம்பளத்தில் வரும். 25ஆம் தேதி போனால் பட்டியல் பூட்டப்பட்டிருக்கும், அக்டோபர்தான்.

இந்தக் கடிதம் எல்லா இடத்திலும் செல்லாது. நியமன உத்தரவிலோ, யூனியன் இருக்கும் இடத்தில் 12(3) ஒப்பந்தத்திலோ அந்தப் படி எந்த நிபந்தனையோடு எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். ஒருநாள் லீவு போட்டதால் அட்டென்டன்ஸ் போனஸ் போனது என்றால் அது விடுபட்டதல்ல, விதிப்படி போனது. பழைய படியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிட்டார்களென்றால் மொத்தம் குறைந்திருக்காது, வரி மட்டும் காணாமல் போயிருக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு முகவரியே வேறு. அவருடைய பே ஸ்லிப்பைப் போடுவது கான்ட்ராக்டர். கம்பெனியின் சம்பளப் பிரிவில் அவர் எண்ணே இருக்காது. கடிதம் கான்ட்ராக்டருக்குப் போகவேண்டும், நகல் கம்பெனி எச்.ஆருக்கு. கான்ட்ராக்டர் தரவில்லையென்றால் கூலி கொடுக்கும் பொறுப்பு சட்டப்படி கம்பெனிமேல் வருகிறது என்பதால் அந்த நகலுக்கு மதிப்புண்டு.

பதிலே வராவிட்டாலும் தேதி போட்ட நகலைத் தூக்கி எறியக்கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, கூலி பாக்கி கோரி மனுச் செய்ய மூன்று ஆண்டு தருகிறது. 1936ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது பன்னிரண்டு மாதமாக இருந்தது. எந்தத் தேதியில் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி.

செப்டம்பர் பே ஸ்லிப் வந்ததும் இரண்டு வரிகளைப் பார்க்கவேண்டும். ஷிப்ட் சுற்றின்படி செப்டம்பர் 8 முதல் 13 வரை இன்னும் ஆறு இரவு பார்த்திருந்தால், நைட் அலவன்ஸ் மூன்றும் ஆறும் ஒன்பது இரவுக்கு 1,800. அரியர் தனி வரியில் 1,200. இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு முக்கால் சதவீதம், அதாவது அரியரில் ஒன்பது ரூபாய், கழியலாம். இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் 3,000 என்று போட்டிருந்தால், எத்தனை இரவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லி அன்றைக்கே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.