மைனஸ் இரண்டை ஏன் தள்ளுகிறோம்?

மடக்கைச் சமன்பாடுகளைப் போடும் மாணவர்களின் நோட்டில் அடிக்கடி தென்படும் வரி இது: ‘x = 4 அல்லது x = −2. மடக்கைக்குள் மைனஸ் வராது, ஆகவே −2-ஐ நீக்குக.’ இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு வரியையும் விதிப்படிதானே எழுதினோம், கணக்கில் எங்கும் பிழை இல்லையே, அப்படியிருக்க அந்த −2 எப்படி உள்ளே வந்தது? இதைக் கேட்காமல் நீக்கிவிட்டுப் போகிறவர் அடுத்த கணக்கில் தவறான விடையை நீக்கிவிடக்கூடும்.

கணக்கு இதுதான்:

log₂ x + log₂ (x − 2) = 3

log₂ 8 என்றால், 2-க்கு எந்தப் படி கொடுத்தால் 8 கிடைக்கும் என்று பொருள். 2³ = 8; ஆகவே விடை 3. படியைக் குறைத்துக்கொண்டே போனால் 2⁰ = 1, 2⁻³ = 1/8 என்று மதிப்பு சிறுத்துக்கொண்டே போகும். ஆனால் எவ்வளவு சிறுத்தாலும் அது சுழியைத் தொடாது, அதற்குக் கீழேயும் இறங்காது. எனவே 2-இன் எந்தப் படியும் −8 ஆகாது. மெய்யெண்களுக்குள் log₂ (−8) என்று ஒன்று இல்லை.

இனி தீர்ப்போம். ஒரே அடிமானம் கொண்ட இரு மடக்கைகளைக் கூட்டினால் பெருக்கலின் மடக்கை வரும் என்பது பெருக்கல் விதி.

log₂ [x(x − 2)] = 3
x(x − 2) = 8
x² − 2x − 8 = 0
(x − 4)(x + 2) = 0

மூலங்கள் 4, −2. நான்கைத் தொடக்கச் சமன்பாட்டில் போட்டால் log₂ 4 + log₂ 2 = 2 + 1 = 3. சரியாக இருக்கிறது.

−2-ஐக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டில் 4 + 4 − 8 = 0; பொருந்துகிறது. அதற்கு மேல் வரியில் (−2)(−4) = 8; அதுவும் பொருந்துகிறது. இன்னும் மேலே log₂ 8 = 3; அங்கேயும் குறையில்லை. முதல் வரிக்கு வந்தால் மட்டும் log₂ (−2) + log₂ (−4) என்று நிற்கிறது. இரண்டுக்குமே மதிப்பு இல்லை. ஆக, −2 நுழைந்த இடம் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே, பெருக்கல் விதியைப் போட்ட அந்த நொடியில்தான். பழியை இருபடிச் சமன்பாட்டின் மேல் போடுவது வழக்கம். அதன்மேல் குற்றமே இல்லை.

log A + log B = log AB என்ற விதி A, B இரண்டும் நேர்மமாக இருக்கும்போது மட்டும் செல்லும். இடப்பக்கத்துக்கு A தனியாகவும் B தனியாகவும் நேர்மமாக இருக்க வேண்டும். வலப்பக்கத்துக்கோ அவற்றின் பெருக்கல் நேர்மமாக இருந்தால் போதும். இரண்டு மைனஸ்களைப் பெருக்கினாலும் ப்ளஸ்தானே? x > 2 என்ற எல்லைக்குள் தொடங்கிய கணக்கு, மடக்கைகளைச் சேர்த்ததும் x < 0 என்ற பகுதியையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அந்தப் புதிய பகுதியில் கிடந்த மூலம்தான் −2. வகுத்தல் விதியிலும் இதே நடக்கும். மைனஸை மைனஸால் வகுத்தாலும் ப்ளஸ்தான்.

‘மைனஸ் விடை வந்தால் அடித்துவிடு’ என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. இதைப் பாருங்கள்:

log₂ (1 − x) + log₂ (3 − x) = 3

முன்போலவே செய்தால் x² − 4x − 5 = 0; மூலங்கள் 5, −1. x = −1 எனில் log₂ 2 + log₂ 4 = 1 + 2 = 3. அது சரியான விடை. x = 5 எனில் மடக்கைகளுக்குள் −4, −2 வந்துவிடுகின்றன; தள்ள வேண்டியது 5. பார்க்க வேண்டியது x-இன் குறியை அல்ல, மடக்கைக்குள் உட்காரும் எண்ணின் குறியை. கணக்கைத் தொடங்கும்போதே 1 − x > 0, 3 − x > 0, ஆகவே x < 1 என்று ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டால், கடைசியில் குழப்பம் வராது.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு, அதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. log₂ x² = 6 என்பதை அடுக்கு விதிப்படி 2 log₂ x = 6 என்று எழுதினால் log₂ x = 3, x = 8. சரிபார்த்தால் பொருந்தும், நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஆனால் x² = 64 என்று நேராகப் போயிருந்தால் −8-உம் கிடைத்திருக்கும். அதுவும் உண்மையான விடைதான், ஏனென்றால் மடக்கைக்குள் இருப்பது x², அது 64. இம்முறை விதி எல்லையைச் சுருக்கிவிட்டது. பெருக்கல் விதி கொண்டுவரும் தேவையற்ற மூலம் தாளில் நம் கண்ணெதிரே இருக்கும், சரிபார்த்தால் பிடிபட்டுவிடும். இங்கே தொலைந்த மூலமோ தாளுக்கே வரவில்லை. இருக்கும் விடையை எத்தனை முறை சரிபார்த்தாலும் கிடைக்காது. அதனால் இரட்டைப்படை அடுக்கை மடக்கைக்கு வெளியே எடுக்கும்போது 2 log₂ |x| என்று மட்டு மதிப்புக் குறியோடு எழுத வேண்டும். |x| = 8 என்று வந்ததும், 8, −8 இரண்டும் கைக்கு வந்துவிடும்.